நூறு கைதிகள் புதிரின் நிரல் தவறான விடை தந்தால்: அறிகுறியிலிருந்து பிழைக்கு

நூறு கைதிகள் புதிரை நிரலாக எழுதிப் பார்ப்பவர்களில் பலருக்கு முதல் ஓட்டத்திலேயே சரியான விடை வருவதில்லை. 0 வருகிறது, அல்லது 0.5 வருகிறது, அல்லது 0.31-க்கு அருகில் ஏதோ ஓர் எண் வந்து அது சரியா தவறா என்ற ஐயத்தை விட்டுச் செல்கிறது. இந்தப் புதிரில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு பிழையும் தனக்கே உரிய எண்ணை விடையாகத் தருவதால், வந்த எண்ணைப் பார்த்தே பிழை எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

புதிரும், சரியாக ஓடும் நிரலும்

ஓர் அறையில் 1 முதல் 100 வரை எண்ணிட்ட நூறு பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கைதியின் எண் எழுதிய சீட்டு குலுக்கல் முறையில் போடப்பட்டிருக்கிறது. கைதிகள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே சென்று, ஐம்பது பெட்டிகளை மட்டும் திறந்து, தம் எண்ணைத் தேட வேண்டும். பின்னர் எல்லாவற்றையும் மூடி, இருந்தபடியே விட்டுவிட்டு வெளியேற வேண்டும். நூறு பேரும் கண்டுபிடித்தால் எல்லோருக்கும் விடுதலை. ஒருவர் தவறினாலும் எல்லோருக்கும் மரணம். முன்கூட்டியே கூடிப் பேசிக்கொள்ளலாம், ஆட்டம் தொடங்கிய பிறகு பேசக்கூடாது.

2003-இல் அன்னா கால், பீட்டர் ப்ரோ மில்டர்சன் ஆகிய இருவரும் தரவுக் கட்டமைப்புகள் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதன் மூல வடிவத்தை முன்வைத்தார்கள். சுழற்சியைப் பின்தொடரும் வழியை மில்டர்சனுக்குச் சுட்டிக்காட்டியவர் அவருடைய சக ஆய்வாளரான ஸ்வென் ஸ்கியூம். அந்த வழி இதுதான்: ஒவ்வொரு கைதியும் முதலில் தம் எண்ணிட்ட பெட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே எந்த எண் இருக்கிறதோ, அடுத்து அந்த எண்ணிட்ட பெட்டியைத் திறக்க வேண்டும், தம் எண் வரும்வரை இப்படியே தொடர வேண்டும்.

```python
import random

def run(n=100, limit=50):
    boxes = list(range(n))
    random.shuffle(boxes)
    found = 0
    for p in range(n):
        box = p
        for _ in range(limit):
            if boxes[box] == p:
                found += 1
                break
            box = boxes[box]
    return found

trials = 10000
res = [run() for _ in range(trials)]
print(sum(f == 100 for f in res) / trials)
print(sum(res) / trials / 100)
```

முதலில் அச்சாவது நூறு பேரும் வென்ற ஆட்டங்களின் விகிதம். இதைக் கூட்டு எண் என்று அழைப்போம். இரண்டாவது, தனி ஒரு கைதி தம் சீட்டைக் கண்டுபிடிக்கும் விகிதம். இது தனி எண். சரியான நிரலில் கூட்டு எண் 0.312-ஐ ஒட்டியும் தனி எண் 0.50-ஐ ஒட்டியும் இருக்கும். பலர் கூட்டு எண்ணை மட்டும் அச்சிட்டுவிட்டுத் தடுமாறுகிறார்கள். பிழையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தனி எண்தான்.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதைப் பத்துப் பெட்டிகளை வைத்துப் பார்க்கலாம். பெட்டி 1 முதல் 10 வரை முறையே 7, 9, 5, 1, 10, 6, 4, 3, 2, 8 என்ற சீட்டுகள் இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஐந்து பெட்டிகளைத் திறக்கலாம். 1-ஆம் கைதி பெட்டி 1-இல் 7-ஐயும், பெட்டி 7-இல் 4-ஐயும், பெட்டி 4-இல் தம் எண்ணான 1-ஐயும் காண்கிறார். 7-ஆம் கைதியும் 4-ஆம் கைதியும் இதே மூன்று பெட்டிகளைத்தான் வேறு வரிசையில் சுற்றி வருவார்கள். மற்றவர்கள் 2, 9 என்ற இரண்டின் சுழற்சியிலும், 3, 5, 10, 8 என்ற நான்கின் சுழற்சியிலும், தன்னந்தனியான 6-இலும் அடங்குகிறார்கள். எந்தச் சுழற்சியும் ஐந்தைத் தாண்டாததால் பத்துப் பேரும் பிழைத்தார்கள். இப்போது பெட்டி 1, பெட்டி 3 ஆகியவற்றின் சீட்டுகளை மட்டும் இடம் மாற்றினால் 1, 5, 10, 8, 3, 7, 4 என்று ஏழின் நீளத்தில் ஒரே சுழற்சி உருவாகிறது. அதில் உள்ள ஏழு பேரும் ஒருசேரத் தவறுவார்கள். மீதி மூன்று பேர் கண்டுபிடிப்பார்கள்.

நூறு பெட்டிகளிலும் இதே கதைதான். நீளம் 50-ஐத் தாண்டிய சுழற்சி ஒரே ஓர் அடுக்கில் இரண்டு இருக்க முடியாது. குறிப்பிட்ட நீளம் k கொண்ட அத்தகைய சுழற்சி அமையும் நிகழ்தகவு 1/k. எனவே தோல்விக்கான நிகழ்தகவு 1/51 + 1/52 + … + 1/100, அதாவது 0.6882, வெற்றிக்கு 0.3118. தவறினால் குறைந்தது 51 பேர் தவறுவார்கள் என்பதால், `found` ஒன்று 100 ஆக இருக்கும், இல்லையேல் 49 அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். 50 முதல் 99 வரையிலான எந்த எண்ணும் ஒருபோதும் வரக்கூடாது. இந்த வெற்றிடமே நம்மிடம் உள்ள மிகக் கூர்மையான சோதனை.

அறிகுறி: கூட்டு எண் 0, தனி எண் 0.50

ஒவ்வொரு கைதியும் சரியாகத் தேடுகிறார், ஆனால் அவர்களுடைய வெற்றிகளும் தோல்விகளும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கவில்லை என்பதே இதன் பொருள். கைதி கண்மூடித்தனமாக ஐம்பது பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கும்படி எழுதியிருந்தால் இப்படித்தான் வரும். அப்போது நூறு பேரும் வெல்லும் நிகழ்தகவு பாதியை நூறு முறை பெருக்கியது. தசமப் புள்ளிக்குப் பின் முப்பது சுழியங்கள் வந்த பிறகே முதல் இலக்கம் தோன்றும். எத்தனை கோடி முறை ஓட்டினாலும் திரையில் 0 தவிர வேறொன்றும் வராது.

சுழற்சி வழியைச் சரியாக எழுதியும் இதே அறிகுறி வந்தால், `random.shuffle(boxes)` வரி கைதிகளுக்கான `for` கட்டளைக்குள் நகர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஒவ்வொரு கைதிக்கும் புதிதாகக் குலுக்கினால் அவரவர் தனி வாய்ப்பு சற்றும் மாறாது. ஆனால் நூறு பேரும் ஒரே அடுக்கைச் சந்திப்பதில்லை. சுழற்சி வழி எந்தக் கைதியின் தனி வாய்ப்பையும் கூட்டுவதில்லை என்பது இங்கே கண்கூடாகத் தெரிகிறது. அது செய்வதெல்லாம் தோல்விகளைச் சில ஆட்டங்களில் குவித்து, மற்ற ஆட்டங்களை முழு வெற்றியாக விட்டுவைப்பதுதான். தோற்ற ஆட்டங்களில் சராசரியாக 27 பேர் மட்டுமே தம் எண்ணைக் காண்கிறார்கள். வென்ற ஆட்டங்களில் நூறு பேரும் காண்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மீண்டும் ஐம்பதுதான்.

கூட்டு எண்ணின் இடத்தில் 0.5 வந்தால், முதலில் தனி எண்ணையே கூட்டு எண் என்று அச்சிட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதுவல்லாத ஒரு காரணமும் உண்டு. அது பின்னால் வருகிறது.

அறிகுறி: கூட்டு எண் 0, தனி எண் 0.38 அருகில்

இது தொடக்கப் பெட்டியில் உள்ள பிழை. கைதி தம் எண்ணிட்ட பெட்டியில் தொடங்காமல் வேறெங்கோ தொடங்கினால், அவர் சுற்றும் சுழற்சியில் அவருடைய சீட்டு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தம் பெட்டியில் தொடங்குபவருக்கு மட்டுமே, அந்தப் பெட்டியைச் சுட்டும் சீட்டு, அதாவது தம் சீட்டு, அதே சுழற்சியின் கடைசியில் நிச்சயம் காத்திருக்கும். வேறு பெட்டியில் தொடங்குபவர் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து, பார்த்த பெட்டிகளையே மறுபடியும் பார்த்துக்கொண்டிருப்பார். கணக்கிட்டால் அவருடைய வாய்ப்பு 0.376 அளவுக்குத்தான் வருகிறது. `limit` இல்லாமல் `while` கொண்டு எழுதியிருந்தால் நிரல் முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் காரணம் இதுவே.

`box = 0` என்று எல்லோரையும் ஒரே பெட்டியில் தொடங்க வைப்பது எளிதில் கண்ணில் படும். கண்ணில் படாதது எண்ணிக்கைத் தொடக்கக் குழப்பம். பெட்டிகளை 1-இலிருந்து எண்ணிப் பழகியவர் `box = p` என்று தொடங்கிவிட்டு, அடுத்த அடியில் `box = boxes[box] - 1` என்று எழுதிவிடுகிறார். சீட்டு 0 ஆக இருக்கும்போது இது -1 ஆகிறது; பைத்தான் அதைக் கடைசிப் பெட்டி என்று எடுத்துக்கொண்டு, எந்தப் பிழைச் செய்தியும் தராமல் ஓடிவிடும். வியப்பு என்னவென்றால், தொடக்கத்தையும் `box = p - 1` என்று எழுதியிருந்தால் விடை சரியாகவே வரும். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே விதமாகப் பெயர் மாற்றினால், சமவாய்ப்புள்ள வரிசைமாற்றம் சமவாய்ப்புள்ளதாகவே இருக்கும். ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் மாற்றாமல் விடுவதுதான் கெடுக்கிறது.

இந்தப் பெயர் மாற்றத்துக்கு நிரலுக்கு வெளியேயும் ஒரு பயன் உண்டு. சிறை அதிகாரி கைதிகளின் திட்டத்தை ஒட்டுக்கேட்டு, வேண்டுமென்றே நீண்ட சுழற்சியாகச் சீட்டுகளை அடுக்கினால் எல்லோரும் தோற்பது உறுதி. கைதிகள் தமக்குள் இரகசியமாக, குலுக்கல் முறையில், பெட்டிகளுக்கு வேறு எண்களைச் சூட்டிக்கொண்டால் அவருடைய சூழ்ச்சி பயனற்றுப்போய் வாய்ப்பு மீண்டும் 0.3118 ஆகிவிடும்.

அறிகுறி: இரண்டு எண்களும் சரியாக 0

ஒரே ஒரு கைதிகூட, ஒரே ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை என்றால் குற்றவாளி குலுக்கல்தான். பைத்தானின் `shuffle`-ஐப் பயன்படுத்தாமல் தாமே எழுதியவர்களுக்கு இது நேரும்.

```python
for i in range(n - 1, 0, -1):
    j = random.randrange(i)   # i + 1 என்று இருக்க வேண்டும்
    boxes[i], boxes[j] = boxes[j], boxes[i]
```

`randrange(i + 1)` என்று எழுதினால், ஒரு சீட்டு இருந்த இடத்திலேயே தங்கவும் வாய்ப்பு இருக்கும். அந்த ஒன்றை விட்டுவிட்டால் கிடைப்பது வேறொரு முறை; சாண்ட்ரா சாட்டோலோ 1986-இல் வெளியிட்டது அது. அந்த முறை எப்போதும் எல்லாப் பெட்டிகளையும் கோத்த ஒரே நீண்ட சுழற்சியைத்தான் உருவாக்கும். நூறின் நீளமுள்ள சுழற்சியில் ஒவ்வொருவருக்கும் தம் சீட்டு நூறாவது பெட்டியில்தான் கிடைக்கும். ஐம்பதில் யாருக்கும் கிடைக்காது. வேறு பணிகளில் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக்கூடும், ஏனெனில் குலைந்த பட்டியல் குலைந்ததாகவே கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிராக இரண்டு எண்களும் 1.0 என்றால், குலுக்கவே இல்லை. ஒவ்வொருவரும் தம் பெட்டியிலேயே தம் எண்ணைக் காண்கிறார்கள்.

அறிகுறி: கூட்டு எண் 0.29 அல்லது 0.33

அவசரப்பட்டு நிரலைத் திருத்துவதற்கு முன் எத்தனை ஆட்டங்கள் ஓட்டினீர்கள் என்று பாருங்கள். 1000 ஆட்டங்களில் திட்ட விலக்கம் 0.015 அளவில் இருக்கும். ஆகவே சரியான நிரலும் 0.29 என்றோ 0.33 என்றோ சொல்லக்கூடும். 10000 ஆட்டங்களில் அது 0.005-க்குக் கீழே இறங்கிவிடும், அப்போதும் 0.29 நிலைத்து நின்றால் பிழை உண்மையானது.

அது திறக்கும் எண்ணிக்கையில் ஒன்று கூடியோ குறைந்தோ போன பிழை. 49 பெட்டிகள் மட்டும் திறந்தால் கூட்டு எண் 0.2920, 51 திறந்தால் 0.3314. முதல் பெட்டியை `for`-க்கு வெளியே திறந்துவிட்டு உள்ளே மீண்டும் ஐம்பது திறப்பவர்கள் 51-இல் மாட்டுகிறார்கள். `range(1, limit)` என்று எழுதியவர்கள் 49-இல். தனி எண்ணும் அதற்கேற்ப 0.49 அல்லது 0.51 ஆக நகரும், ஆனால் சிறிய வேறுபாடு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். `found` எடுத்த மதிப்புகளை எண்ணிப் பார்ப்பதே நல்லது. சரியான நிரலில் 10000 ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 196 முறை 49 என்ற மதிப்பு வரும், 50 ஒருமுறைகூட வராது. 50 தென்பட்டால் நீங்கள் திறப்பது 49 பெட்டிகள். 49 அறவே இல்லையென்றால் நீங்கள் திறப்பது 51.

0.3069 என்று சூத்திரத்தில் வந்தவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அது கைதிகளின் எண்ணிக்கை எல்லையின்றிப் பெருகும்போது கிடைக்கும் மதிப்பு, 1 − ln 2. நூறு பேருக்கு உரிய மதிப்பு அதைவிடச் சற்றுக் கூடுதல்.

அறிகுறி: கூட்டு எண் 0.312-ஐ விட உறுதியாக அதிகம், அல்லது விடை சரி ஆனால் தனி எண் 0.99

சுழற்சி வழியைவிடச் சிறந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுபவர்கள் இங்கே நிற்பார்கள். யூஜின் கர்ட்டினும் மேக்ஸ் வார்ஷவரும் 2006-இல் அப்படியொரு வழி இருக்க முடியாது என்று நிறுவிவிட்டார்கள். எனவே குலுக்கலும் திறக்கும் எண்ணிக்கையும் சரியாக இருக்க, 0.3118-ஐத் தாண்டி நிலைத்து நிற்கும் எந்த எண்ணும், ஒரு கைதியிடமிருந்து இன்னொரு கைதிக்குச் செய்தி கசிகிறது என்பதற்கான சான்று.

வழக்கமான கசிவு, திறந்து பார்த்த பெட்டிகளைக் குறித்துவைக்கும் பட்டியலைக் கைதிகளுக்கான `for`-க்கு வெளியே உருவாக்குவது. முன்னவர் பார்த்தது பின்னவருக்கும் தெரிந்துவிடுகிறது. இதன் விளைவு இரண்டு விதமாக அமையும். முதலாவது மிகவும் வஞ்சகமானது.

ஒவ்வொரு கைதியும் தம் சீட்டைக் கண்டவுடன் நிறுத்திக்கொள்கிறார் என்று கொள்வோம். தம் சீட்டு ஏற்கெனவே வெளிப்பட்டிருந்தால் அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இல்லையென்றால் இதுவரை திறக்காதவற்றில் ஐம்பது வரை திறக்கலாம். இவ்வளவு செய்தி கசிந்தும் கூட்டு எண் 0.312 ஆகவே வரும்! காரணம், சீட்டுகள் வெளிப்பட்ட வரிசையை எழுதிக்கொண்டே போய், தேடுபவர் தம் சீட்டைக் கண்ட ஒவ்வோர் இடத்திலும் வெட்டினால், துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு சுழற்சிபோல் நடந்துகொள்கின்றன. பெட்டிகளை எந்த வழியில் தேர்ந்தெடுத்தாலும் அந்தத் துண்டுகளின் நீளங்கள் சமவாய்ப்புள்ள வரிசைமாற்றத்தின் சுழற்சி நீளங்களைப் போலவே அமையும். கர்ட்டின், வார்ஷவர் ஆகியோரின் நிறுவலின் உயிர்நாடி இதுதான். மூடிய பெட்டி ஆட்டத்தில் வெல்லும் எந்தத் திட்டமும் இந்தத் தளர்ந்த ஆட்டத்திலும் வெல்லும். தளர்ந்த ஆட்டத்திலேயே 0.3118-ஐத் தாண்ட முடியாது என்னும்போது, கடினமான ஆட்டத்தில் தாண்ட வழியேது?

ஆக இந்தப் பிழையைக் கூட்டு எண் காட்டாது. தனி எண் காட்டும்: அது 0.993 ஆகியிருக்கும். ஒருவர் ஐம்பது பெட்டிகளைத் திறந்தும் தவறிவிட்டால் மீதியிருப்பவை ஐம்பதுக்கு மேல் இல்லை, அடுத்து வருபவர்கள் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே தோற்ற ஒவ்வோர் ஆட்டத்திலும் `found` சரியாக 99 ஆக இருக்கும். வரக்கூடாத வெற்றிடத்தின் நடுவில் அந்த எண் வந்து நிற்பதைக் காணும்வரை நிரல் சரியென்றே நம்பத் தோன்றும்.

இரண்டாவது, தம் சீட்டைக் கண்ட பிறகும் நிறுத்தாமல் ஐம்பதையும் திறந்துவிடும் நிரல். முதல் கைதியே பாதிப் பெட்டிகளை எல்லோருக்கும் காட்டிவிடுகிறார். மீதிப் பாதியை இரண்டாவதாகத் தேடுபவர் திறந்துவிடுவார். தவறக்கூடியவர் முதல் கைதி மட்டுமே. கூட்டு எண் 0.5 ஆவது இங்கேதான். உடன் வரும் தனி எண் 0.995.

அறிகுறி: சூத்திரம் எதிர்ம நிகழ்தகவு தருகிறது

50-க்குப் பதிலாக 33 பெட்டிகள் திறக்க அனுமதித்தால் என்னவாகும் என்று பார்க்க விரும்பி, 1/34 முதல் 1/100 வரை கூட்டி 1-இலிருந்து கழித்தவர்களுக்கு −0.0986 கிடைக்கும். கூட்டல் தவறில்லை, சூத்திரம் பொருந்தும் எல்லையைத் தாண்டிவிட்டோம். 34-இன் நீளமுள்ள சுழற்சிகள் இரண்டு ஒரே அடுக்கில் இருக்க முடியும், ஆகவே அத்தகைய அடுக்குகள் இருமுறை கழிக்கப்படுகின்றன. பாதிக்குக் குறைவாகத் திறக்கும்போது அந்த எளிய கூட்டலைக் கைவிட்டு இப்படிக் கணக்கிட வேண்டும்:

```python
def exact(n, limit):
    P = [1.0]
    for m in range(1, n + 1):
        P.append(sum(P[m - j] for j in range(1, min(limit, m) + 1)) / m)
    return P[n]
```

முதல் கைதி இருக்கும் சுழற்சியின் நீளம் 1 முதல் m வரை எதுவாகவும் சமவாய்ப்புடன் அமையலாம். அது j என்றால் மீதி m − j பெட்டிகள் தமக்குள் ஒரு சமவாய்ப்புள்ள அடுக்கு. இந்த இரண்டு உண்மைகள் மட்டுமே இதில் இருக்கின்றன. `exact(4, 2)` 5/12 தரும்; நான்கு சீட்டுகளின் 24 அடுக்குகளையும் தாளில் எழுதிப் பார்த்தால் பத்தில் வெற்றி என்பதைக் கையாலேயே சரிபார்க்கலாம். `exact(100, 50)` 0.3118 தரும், `exact(100, 49)` 0.2920 தரும். 33-க்கு வரும் விடை ஏறத்தாழ 5 சதவீதம்.